"இடம் இல்லை" என்று எழுதும் கடிதம்: புதிதாகப் பொறுப்பேற்ற தலைமை ஆசிரியர்களுக்கு

நான் தலைமை ஆசிரியராகப் பொறுப்பேற்ற முதல் ஜூன் மாதத்தில் ஒரு தாயிடம், "பார்க்கலாம் அம்மா, மாதக் கடைசியில் ஒருமுறை வாருங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். ஆறாம் வகுப்பில் அப்போதே இடம் நிறைந்திருந்தது. அது எனக்குத் தெரியும். முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். அந்த அம்மா என் சொல்லை வாக்காக எடுத்துக்கொண்டார். மகனின் பழைய பள்ளிக்குப் போய் மாற்றுச் சான்றிதழை வாங்கிவிட்டார். மாதக் கடைசியில் வந்து நின்றபோது, பையன் எந்தப் பள்ளியின் பதிவேட்டிலும் இல்லை. ஜூன் முழுவதும் வீட்டில் இருந்திருக்கிறான்.

அன்றிலிருந்து இடம் இல்லாத எவருக்கும் எழுத்தில்தான் பதில் கொடுக்கிறேன். அந்தக் கடிதத்தை ஒழுங்காக எழுதக் கற்றுக்கொள்ள எனக்கு நான்கைந்து ஆண்டுகள் ஆயின. ஒரு கடிதத்தால் ஒரு பெற்றோரை ஐந்து முறை அலைய வைத்தேன். இன்னொன்றால் கல்வி அலுவலகத்துக்கு விளக்கம் எழுத வேண்டியிருந்தது. நீங்களும் அதே வழியில் போக வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். நான் பணியாற்றுவது அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளி. ஆறாம் வகுப்புச் சேர்க்கையை வைத்தே சொல்கிறேன்.

1. முதலில் உங்களுக்கு மறுக்கும் உரிமை உண்டா என்று பாருங்கள்

கடிதம் எழுத உட்காரும் முன் இந்தக் கேள்விக்கு விடை தெரிய வேண்டும். 2009ஆம் ஆண்டின் இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி 6 முதல் 14 வயதுவரை உள்ள குழந்தைக்கு அருகமைப் பள்ளியில் படிக்கும் உரிமை இருக்கிறது. அந்த இடத்தை உறுதிசெய்யும் கடமை அரசுக்கும் உள்ளாட்சி அமைப்புக்கும் உரியது. எனவே நீங்கள் அரசுப் பள்ளியிலோ நகராட்சி, ஊராட்சி ஒன்றியப் பள்ளியிலோ தலைமை ஆசிரியராக இருந்து, கேட்பது அந்தப் பகுதிக் குழந்தையாக இருந்தால், "இடம் இல்லை" என்ற கடிதம் உங்களுக்கு உரியது அல்ல. குழந்தையைச் சேர்த்துக்கொண்டு, கூடுதல் பிரிவும் ஆசிரியரும் வேண்டும் என்று வட்டாரக் கல்வி அலுவலருக்கோ மாவட்டக் கல்வி அலுவலருக்கோ எழுத வேண்டியதுதான் உங்கள் கடிதம். உதவி பெறும் பள்ளியும் தனியார் பள்ளியும் இடம் உண்மையாகவே நிறைந்த பிறகு மறுக்கலாம்.

உண்மையாகவே என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். இடத்தை வைத்துக்கொண்டு வேறு காரணத்துக்காக மறுத்துவிட்டு, கடிதத்தில் "இடம் இல்லை" என்று எழுதுவது பல பள்ளிகளில் நடக்கிறது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்பதற்காகச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்று அந்தச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. வயதுச் சான்று இல்லை என்று மறுக்கக் கூடாது என்பது 14ஆம் பிரிவு. பள்ளி திறந்து நாளாகிவிட்டது என்பதும் காரணம் ஆகாது, அது 15ஆம் பிரிவு. தேர்வு வைத்துப் பார்த்துப் பின்தங்கிய பிள்ளையை ஒதுக்குவதை 13ஆம் பிரிவு தடுக்கிறது. உங்கள் மனத்தில் இருக்கும் காரணம் இவற்றில் ஒன்று என்றால் கடிதத்தை எழுதாதீர்கள், பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஆங்கிலவழிப் பிரிவு நிறைந்து, தமிழ்வழிப் பிரிவில் நான்கு இடம் இருக்கும்போது வெறுமனே "இடம் இல்லை" என்று எழுதுவதும் பொய்தான். பெற்றோர் கேட்டது ஆங்கிலவழி என்றாலும், தமிழ்வழியில் இடம் இருப்பதைச் சொல்லிவிட்டு முடிவை அவரிடம் விடுங்கள்.

2. எண்ணிக்கையை மூன்று இடங்களில் பாருங்கள்

இது அரைமணி நேர வேலை. இதைச் செய்யாமல் கையெழுத்திட வேண்டாம். சேர்க்கைப் பதிவேடு, வகுப்பின் வருகைப் பதிவேடு, எமிஸ் தளம் ஆகிய மூன்றும் ஜூன் முதல் இரண்டு வாரங்களில் ஒரே எண்ணைக் காட்டுவதே இல்லை.

ஓர் ஆண்டு எங்கள் ஆறாம் வகுப்பில் சேர்க்கைப் பதிவேடு 70 என்றது. எமிஸ் 67 என்றது. மூன்று இடம் காலி என்று எழுத்தர் மகிழ்ச்சியோடு சொன்னார். விசாரித்தால், அந்த மூன்று பிள்ளைகளையும் அவர்களின் பழைய பள்ளி இன்னும் பொதுத் தொகுப்புக்கு மாற்றவில்லை. பழைய பள்ளி விடுவித்தால்தான் நாம் எமிஸ் எண்ணை வைத்து நம் பள்ளிக்கு இழுத்துக்கொள்ள முடியும். பிள்ளைகளோ வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆக இடம் காலி இல்லை.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் இருக்கும், பள்ளி திறந்த நாளிலிருந்து பிள்ளை வந்திருக்கவே மாட்டான். வேறு பள்ளியில் சேர்ந்திருக்கலாம், சொல்லாமல் இருந்திருப்பார்கள். வகுப்பாசிரியரை அந்த வீட்டுக்குத் தொலைபேசியில் பேசச் சொல்லுங்கள். பேசாமல் பெயரை அடித்துவிடாதீர்கள். "சேர்ந்துவிட்டோம், மாற்றுச் சான்றிதழ் வாங்க வருகிறோம்" என்று அவர்கள் சொன்னால் அந்த இடம் காலி, அது காத்திருப்போர் பட்டியலில் முதலில் நிற்பவருக்கு உரியது.

மூன்றையும் ஒப்பிட்ட பிறகு, தேதியிட்டு ஒரு தாளில் எண்ணிக்கையை எழுதிக் கோப்பில் வையுங்கள். பின்னால் யாராவது கேட்டால் அந்தத் தாள்தான் பேசும்.

3. பெற்றோரின் கடிதத்தை இரண்டு முறை படியுங்கள்

இடம் கேட்டு வரும் விண்ணப்பங்கள் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஆனால் ஒவ்வொன்றிலும் நாம் பதில் சொல்லியே ஆக வேண்டிய ஒரு வரி இருக்கும்.

ஒரு கடிதத்தை எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர் தீப்பெட்டி ஆலையில் வேலை செய்யும் ஒரு தாய். கணவர் இறந்த பிறகு தன் தாய்வீட்டுக்கு வந்துவிட்டார். வீடு எங்கள் பள்ளியிலிருந்து இரண்டு தெரு தள்ளி. மகள் வேறு ஊரில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தாள். கடிதத்தில் மூன்று வரிகளின் கீழ் நான் பென்சிலால் கோடிட்டேன். "தரையில் உட்கார வைத்தாலும் போதும்." "எவ்வளவு ஆனாலும் கடன் வாங்கிக் கட்டிவிடுகிறேன்." "டி.சி. இன்னும் வாங்கவில்லை, நீங்கள் சொன்னால் நாளைக்கே வாங்கிவிடுகிறேன்."

மூன்றில் மூன்றாவதுதான் அவசரம். அந்தப் பெண் இன்னும் பழைய பள்ளியின் பதிவேட்டில் இருக்கிறாள். தாய் மாற்றுச் சான்றிதழை வாங்கிவிட்டால் பழைய பள்ளி அவளை எமிஸில் பொதுத் தொகுப்புக்கு அனுப்பிவிடும். அதன்பின் புதிய பள்ளி எடுத்துக்கொள்ளும்வரை அவள் எங்கும் இல்லை. இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன பையனுக்கு நேர்ந்தது இதுதான். ஆகவே விண்ணப்பம் கையில் கிடைத்த அன்றே மாற்றுச் சான்றிதழ் வாங்கியாகிவிட்டதா என்று கேட்டுவிடுங்கள். கடிதத்தில் இல்லை என்றால் தொலைபேசியில் கேளுங்கள்.

4. எழுதும் முன் பக்கத்துப் பள்ளிக்குப் பேசுங்கள்

மறுப்பை எழுதி முடித்த பிறகு இதைச் செய்யலாம் என்று தள்ளினால் செய்யவே மாட்டோம். என் அனுபவம் இது. ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை மூன்று கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. அந்த எல்லைக்குள் இருக்கும் அரசு, நகராட்சி, உதவி பெறும் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களின் எண்களை மே மாதமே ஒரு தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேசும்போது "இடம் இருக்கிறதா" என்று மட்டும் கேட்டால் போதாது. எந்த வகுப்பு, தமிழ்வழியா ஆங்கிலவழியா, எத்தனை இடம், மாற்றுச் சான்றிதழ் இல்லாமல் முதலில் வகுப்பில் உட்கார வைப்பார்களா, யாரைப் பார்க்க வேண்டும், எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். அந்தத் தாய்க்காக நான் நகராட்சி நடுநிலைப் பள்ளிக்குப் பேசினேன். ஆறாம் வகுப்பில் இடம் இருந்தது. அந்த வீட்டிலிருந்து பத்து நிமிட நடை.

இதில் ஒரு தவறை நான் செய்திருக்கிறேன். எட்டாம் வகுப்பில் தன் பிள்ளைக்கு இடம் கேட்ட ஒரு தந்தைக்கு, விசாரிக்காமலே "அருகில் உள்ள அரசுப் பள்ளியை அணுகவும்" என்று எழுதி அனுப்பினேன். அந்தப் பள்ளியில் எட்டாம் வகுப்பே கிடையாது, அது தொடக்கப் பள்ளி. அந்தத் தந்தை போய்த் திரும்பி வந்து என்னிடம் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

5. மறுப்பு முதல் பத்தியில் இருக்கட்டும்

நம் அலுவலக வழக்கம் "பொருள்", "பார்வை" என்று தொடங்கி, பள்ளியின் பெருமை, விண்ணப்பங்களின் எண்ணிக்கை, நிர்வாகத்தின் வருத்தம் என்று போய், கடைசி வரியில் "இயலாத நிலை உள்ளது என்பதைத் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது" என்று முடிப்பது. படிக்கத் தெரிந்தவருக்கே அது இல்லையா, இன்னும் முடிவாகவில்லையா என்று புரியாது. பல வீடுகளில் கடிதத்தைப் படித்துச் சொல்வது பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண்ணாகவோ, சில நேரம் அந்தப் பிள்ளையாகவோ இருக்கும். பிள்ளையே வாய்விட்டுப் படிக்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டு எழுதுங்கள். வாக்கியங்கள் தாமாகவே நேராகிவிடும்.

ந.க.எண், தேதி, பெறுநர், பொருள் ஆகியவை மேலே இருக்கட்டும், கோப்புக்கு அவை வேண்டும். கீழே மனிதருக்கு எழுதுவதுபோல எழுதுங்கள். "தற்போதைக்கு", "பரிசீலிக்கப்படும்", "வாய்ப்பு ஏற்படின்" ஆகிய மூன்றும் என் கடிதங்களில் இப்போது வருவதில்லை. இந்தச் சொற்களைப் பிடித்துக்கொண்டுதான் பெற்றோர் வாரம் ஒருமுறை வந்தார்கள். ஆலையில் வேலை செய்கிறவருக்கு ஒவ்வொரு வருகையும் அரைநாள் கூலி.

அந்தத் தாய்க்கு எழுதிய கடிதம் இது. பெயர்களை மட்டும் எடுத்துவிட்டேன்.

> அன்புள்ள அம்மா,
>
> உங்கள் மகளுக்கு ஆறாம் வகுப்பில் இடம் கேட்டு ஜூன் 4 அன்று நீங்கள் கொடுத்த கடிதத்தைப் படித்தேன். எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பில் இந்த ஆண்டு இடம் இல்லை. உங்கள் மகளைச் சேர்த்துக்கொள்ள முடியாததற்கு வருந்துகிறேன்.
>
> ஆறாம் வகுப்பில் எங்களுக்கு இரண்டு பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் 35 பேர். மே 28 அன்று எழுபதாவது பிள்ளை சேர்ந்தது. அதன்பின் யாரையும் சேர்க்கவில்லை. தரையில் உட்கார வைத்தாலும் போதும் என்று எழுதியிருந்தீர்கள். 35 பேருக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கில்தான் எங்களிடம் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். வகுப்பறையிலும் அதற்கு மேல் இருக்கை போட்டால் வாசலுக்குப் போகும் வழி அடைபடும். உங்கள் மகள் தரையில் உட்கார்ந்து படிப்பதை நானும் விரும்பவில்லை.
>
> பணம் கட்டி இடம் பெறும் வழி எங்கள் பள்ளியில் இல்லை. வாங்கித் தருகிறேன் என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். கடன் வாங்க வேண்டாம்.
>
> நகராட்சி நடுநிலைப் பள்ளியில் இன்று காலை பேசினேன். ஆறாம் வகுப்பு தமிழ்வழியில் இடம் இருக்கிறது. நாளை காலை 9.30 மணிக்கு மகளை அழைத்துக்கொண்டு அங்கே போய்த் தலைமை ஆசிரியரைப் பாருங்கள். நீங்கள் வருவதாகச் சொல்லியிருக்கிறேன். மாற்றுச் சான்றிதழை இப்போது வாங்க வேண்டாம். அங்கே சேர்த்துக்கொள்கிறோம் என்று சொன்ன பிறகு வாங்கினால் போதும்.
>
> எங்கள் காத்திருப்போர் பட்டியலில் உங்கள் மகளின் பெயர் ஐந்தாவதாக இருக்கிறது. கடந்த மூன்று ஆண்டுகளில் இந்தப் பட்டியலிலிருந்து சேர்ந்தவர்கள் இரண்டு பேர், மூன்று பேர், ஒருவர். எனவே உங்கள் மகளுக்கு முறை வருவது அரிது. அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். ஜூலை 31 அன்று பட்டியல் முடிந்துவிடும். முறை வந்தால் நாங்களே கூப்பிடுவோம், நீங்கள் வேலையை விட்டு வந்து விசாரிக்க வேண்டியதில்லை.
>
> நீங்கள் இணைத்திருந்த நகல்களை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.
>
> அன்புடன்,
> தலைமை ஆசிரியர்

6. காரணத்தில் சட்டத்தைத் தவறாகச் சொல்லாதீர்கள்

மேலே உள்ள கடிதத்தில் "35 பேருக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கில்தான் எங்களிடம் ஆசிரியர்கள் இருக்கிறார்கள்" என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். என் பழைய கடிதங்களில் "கல்வி உரிமைச் சட்டப்படி ஒரு வகுப்பில் 35 மாணவர்களுக்கு மேல் சேர்க்க இயலாது" என்றே எழுதிவந்தேன். ஒரு தந்தை அதை எடுத்துக்கொண்டு கல்வி அலுவலகத்துக்குப் போய், வேறொரு பள்ளியில் 50 பேர் இருக்கிறார்களே, அது எப்படி என்று கேட்டார். எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது.

சட்டத்தின் அட்டவணை சொல்வது ஆசிரியர் எண்ணிக்கையைப் பற்றி. ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்குக் குறைந்தது 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும் என்கிறது. 36ஆவது பிள்ளைக்குக் கதவை மூடச் சொல்லவில்லை. ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்குக் கணக்கு வேறு: 60 பிள்ளைகள்வரை இரண்டு ஆசிரியர், 90 வரை மூன்று என்று ஏறிக்கொண்டு போகும். நம் பள்ளியின் வரம்பை நாம்தான் அனுமதிக்கப்பட்ட பணியிடம், பிரிவுகள், வகுப்பறையின் அளவு ஆகியவற்றைப் பார்த்து முடிவு செய்கிறோம். அதை நம் முடிவாகவே எழுத வேண்டும். சேர்க்கை தொடங்கும் முன்பே நிர்வாகக் குழுவில் இந்த எண்ணைத் தீர்மானமாக எழுதி வைத்துக்கொண்டு, பள்ளியின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டிவிட்டால், ஜூன் மாதத்தில் யாரோ ஒருவருக்காக உருவாக்கிய காரணம் என்று எவரும் சொல்ல முடியாது.

இருக்கை, வாசல் என்று எழுதுவதைச் சாக்கு என்று நினைக்காதீர்கள். 2004இல் கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். நெருக்கடியான வகுப்பறையில் இன்னும் ஒரு பெஞ்சு போடச் சொல்லி யார் கேட்டாலும் அந்த எண் என் நினைவுக்கு வருகிறது.

7. காத்திருப்போர் பட்டியலுக்கு முடிவு தேதி வேண்டும்

முடிவு இல்லாத பட்டியல் பெற்றோரைக் கட்டிப்போடும். நான் ஜூலை 31ஐ வைத்திருக்கிறேன். ஆகஸ்டு 1ஆம் தேதி மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் பணியாளர் நிர்ணயம் நடக்கிறது. அதற்குள் எல்லாப் பள்ளிகளிலும் பெயர்கள் ஒருவாறு நிலைபெற்றுவிடும். அதற்குப் பிறகு இடம் விழுவது அரிது, விழுந்தாலும் இரண்டு மாதம் வேறு பள்ளியில் பழகிய பிள்ளையைப் பிடுங்கி நடுவது நல்லதல்ல.

பட்டியலில் வரிசை எண், விண்ணப்பம் வந்த தேதி, நேரம், தொலைபேசி எண் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். கட்டுக்குள் வைக்காத தனித்தாளில் எழுதாதீர்கள். பக்க எண் இட்ட குறிப்பேட்டில் எழுதுங்கள். தாள் என்றால் யாருடைய பெயரை எங்கே நுழைத்தீர்கள் என்ற சந்தேகம் வரும்.

கடிதத்தில் வரிசை எண்ணைச் சொல்வதோடு நிற்காமல், முந்தைய ஆண்டுகளில் எத்தனை பேருக்கு முறை வந்தது என்பதையும் சொல்லுங்கள். "ஐந்தாவது" என்று மட்டும் சொன்னால் அது பெற்றோர் காதில் "கிட்டத்தட்ட கிடைத்துவிட்டது" என்று விழுகிறது. மூன்று ஆண்டுகளின் எண்ணை எழுதத் தொடங்கிய பிறகு, ஐந்தாவதுக்குப் பின்னால் இருப்பவர்கள் அந்த வாரமே வேறு பள்ளியில் சேர்ந்துவிடுகிறார்கள்.

8. எழுபத்தொன்றாவது பிள்ளை

கடிதம் போன இரண்டாம் நாளில் பரிந்துரைகள் வரும். வார்டு உறுப்பினரின் சீட்டு, நிர்வாகக் குழு உறுப்பினரின் தொலைபேசி, நம் ஆசிரியரின் உறவினர் என்று வரும். இங்கேதான் பலர் சறுக்குகிறோம். நானும் சறுக்கினேன். ஓர் ஆண்டு எட்டுப் பேருக்கு "இடம் இல்லை" என்று கடிதம் கொடுத்துவிட்டு, ஒரு தொலைபேசிக்காக எழுபத்தொன்றாவது பிள்ளையைச் சேர்த்தேன். சிறிய ஊரில் இது ஒளியாது. பட்டியலில் முதலாவதாக இருந்த பெண்ணின் தந்தை மறுநாள் என் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். அவர் சத்தம் போடவில்லை. கடிதத்தை மேசையில் வைத்து, "இது பொய்தானே, அம்மா?" என்று மட்டும் கேட்டார். அவர் பெண்ணையும் சேர்த்தேன். மற்ற ஏழு பேருக்கு என்ன பதில் சொல்ல முடியும்?

பரிந்துரை செய்கிறவருக்கும் எழுத்திலேயே பதில் கொடுங்கள். பெற்றோருக்கு எழுதிய கடிதத்தின் நகலை அனுப்பி, "வரிசை எண் ஐந்து, முறை வந்தால் அழைப்போம்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். பெரும்பாலும் அவர்களுக்கு வேண்டியது, தாம் முயன்றோம் என்று காட்ட ஒரு தாள்.

நன்கொடை பற்றிய பேச்சை நிர்வாகத்தில் யார் எடுத்தாலும் இடம் கொடுக்காதீர்கள். நன்கொடை வாங்கிக்கொண்டு சேர்த்தால் வாங்கிய தொகையைப் போலப் பத்து மடங்குவரை அபராதம் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. தமிழ்நாட்டில் 1992 முதலே இதற்கெனத் தனிச் சட்டமும் இருக்கிறது.

9. கொடுப்பதும் கோப்பில் வைப்பதும்

விண்ணப்பம் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் பதில் போய்விட வேண்டும். ஜூன் முதல் வாரத்தில் ஒரு நாள் தாமதம் என்பது பக்கத்துப் பள்ளியில் ஓர் இடம் நிறைந்துபோவது. முடிந்தால் பெற்றோரை வரச் சொல்லாமல், பள்ளி விடும் நேரத்தில் வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். தொலைவு என்றால் அஞ்சல்தான். 2025இலிருந்து பதிவு அஞ்சல் தனியாக இல்லை, விரைவஞ்சலோடு இணைந்துவிட்டது. உள்ளூருக்கு ஐம்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும். ரசீதை நகலோடு ஒட்டிவையுங்கள். அந்தச் செலவைப் பெற்றோரிடம் கேட்காதீர்கள்.

பெற்றோர் அசல் சான்றிதழ்களைக் கொடுத்திருந்தால் அன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். காத்திருப்போர் பட்டியலுக்காக அசல் மாற்றுச் சான்றிதழை வாங்கி வைப்பது மிகப் பெரிய தவறு. நீங்கள் வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அந்தப் பிள்ளை வேறெங்கும் சேரத் தயங்கும்.

கோப்பில் ஐந்து தாள்கள் இருந்தால் போதும்: பெற்றோரின் விண்ணப்பம், எண்ணிக்கை ஒப்பீட்டுத் தாள், நிர்வாகத் தீர்மானத்தின் நகல், அனுப்பிய கடிதத்தின் நகல், பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து அல்லது ரசீது. அனுப்புகைப் பதிவேட்டில் எண் போட மறக்காதீர்கள். முதல்வர் தனிப்பிரிவுக்கோ முதன்மைக் கல்வி அலுவலருக்கோ மனு போய் உங்களிடம் விளக்கம் கேட்டால், இந்த ஐந்தின் நகலோடு அரைப் பக்கப் பதில் எழுதினால் விஷயம் முடிந்துவிடும். அப்படி மனு கொடுத்ததற்காக அந்தப் பெற்றோரிடம் கோபப்படாதீர்கள், அது அவர்களின் உரிமை.

10. ஜூலை 31 அன்று இன்னொரு தாள்

பட்டியலை முடித்த அன்று, மிச்சம் இருக்கும் ஒவ்வொருவருக்கும் இரண்டே வரியில் எழுதுங்கள்: பட்டியல் முடிந்தது, இந்த ஆண்டு முறை வரவில்லை, உங்கள் மகள் இப்போது எந்தப் பள்ளியில் படிக்கிறாள் என்று தெரிவியுங்கள். அந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பதில் வராத வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுங்கள். எந்தப் பள்ளியிலும் சேராமல் வீட்டில் ஒரு பிள்ளை இருப்பது தெரிந்தால், வட்டாரக் கல்வி அலுவலருக்கு அன்றே பெயரும் முகவரியும் எழுதி அனுப்புங்கள்.

அந்த ஆண்டு எங்கள் பட்டியலிலிருந்து இரண்டு பேருக்கு முறை வந்தது. ஐந்தாவதாக இருந்த பெண்ணின் தாய்க்கு நான் பேசியபோது, அவள் ஜூன் 9ஆம் தேதியே நகராட்சிப் பள்ளியில் சேர்ந்துவிட்டதாகவும், மாற்றுச் சான்றிதழை மறு வாரம் பஸ்ஸில் போய் வாங்கி வந்ததாகவும் சொன்னார். கடிதத்தை அவளேதான் படித்துக் காட்டினாளாம்.